கேட்டஸ்ட்ராஃபிக் கேன்சலேஷன்: தமிழில் இலக்க இழப்பு

கணினியில் எண்களோடு வேலை செய்கிறவர்கள் அடிக்கடி எடுத்தாளும் சொல் ‘கேட்டஸ்ட்ராஃபிக் கேன்சலேஷன்’. ஏறக்குறைய சமமான இரண்டு பெரிய எண்களைக் கழிக்கும்போது முன்னால் உள்ள இலக்கங்கள் எல்லாம் அடிபட்டுப்போய், ஏற்கெனவே பிழை ஏறியிருந்த கடைசி இலக்கங்கள் மட்டும் விடையாக மிஞ்சுவதைத்தான் இது குறிக்கிறது.

கேன்சல் என்பதன் வேர் இலத்தீனில் உள்ள ‘கான்செல்லி’. அதற்குக் கிராதி, அதாவது கம்பித் தடுப்பு என்று பொருள். எழுதியதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கிழித்தால் கிராதி மாதிரி தெரியும் அல்லவா, அப்படித்தான் ‘அடித்துவிடுதல்’ என்ற பொருள் வந்தது. கேட்டஸ்ட்ரஃபி கிரேக்கச் சொல்: ‘கீழ்நோக்கித் திரும்புதல்’. நாடகத்தின் முடிவில் எல்லாம் தலைகீழாகும் கட்டத்துக்கு வழங்கியது, பிறகு பேரழிவுக்கு ஆகிவந்தது.

இரண்டையும் சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘பேரழிவு நீக்கம்’ என்று வரும். அதைப் படிக்கிறவர் யாரோ பேரழிவை நீக்கிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார். ‘ரத்து’ பயணச் சீட்டுக்குச் சரி, இங்கே ஒட்டாது. கணக்கு வகுப்பில் ‘மேலும் கீழும் அடிபட்டுவிடும்’ என்கிறோமே, அந்த ‘அடிபடுதல்’ வினைக்கு நன்றாகப் பொருந்துகிறது. கலைச்சொல்லாக ‘இலக்க இழப்பு’ போதும் என்பது என் கருத்து. பெயரில் அழிவு என்ற ஓலம் போய்விடுகிறது, ஆனால் என்ன தொலைகிறது என்பது தெளிவாகிறது.

இந்த இழப்பு மிக எளிதாக நேரும் இடம் வேரியன்ஸ் கணக்கு. வேரியன்ஸ் என்ற பெயரைப் புள்ளியியலில் புகுத்தியவர் ரொனால்ட் ஃபிஷர், 1918-இல். தமிழகப் பள்ளிப் பாடநூலில் இது ‘விலக்க வர்க்கச் சராசரி’, இலங்கையில் ‘மாறற்றிறன்’. தமிழகப் பெயரில் ஒரு வசதி, அதுவே செய்முறையையும் சொல்லிவிடுகிறது: ஒவ்வொரு மதிப்பும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார், அதை வர்க்கமாக்கு, சராசரி எடு.

அப்படியே செய்தால் தரவை இரண்டு முறை படிக்க வேண்டும். முதலில் சராசரிக்கு, அப்புறம் விலக்கங்களுக்கு. தரவு கருவியிலிருந்து ஓடிவந்துகொண்டே இருந்தால் இரண்டாவது தடவைக்கு வழியில்லை. அதனால் பாடநூலின் குறுக்குவழியைப் பலர் பிடிப்பார்கள்: மதிப்புகளின் கூட்டலையும் வர்க்கங்களின் கூட்டலையும் சேர்த்துக்கொண்டே போய், கடைசியில் வர்க்கங்களின் கூட்டலிலிருந்து, கூட்டலின் வர்க்கத்தை மதிப்புகளின் எண்ணிக்கையான n-ஆல் வகுத்ததைக் கழிப்பது. தாளில் இது சரி. கணினியில்?

மூன்றே மதிப்புகளை வைத்துப் பார்ப்போம்: 100000001, 100000002, 100000003. சராசரி 100000002. விலக்கங்கள் −1, 0, 1. வர்க்கங்களின் கூட்டல் 2. இவை ஒரு மாதிரியின் மதிப்புகள் என்று கொண்டு, n-க்குப் பதில் n−1 ஆகிய 2-ஆல் வகுத்தால் விடை 1. மனக்கணக்கு.

இப்போது குறுக்குவழி. மூன்று வர்க்கங்களின் உண்மையான கூட்டல் 30000001200000014. கழிக்க வேண்டியது 30000001200000012. வித்தியாசம் 2, சரிதான். ஆனால் 64 பிட் டபுளில் ஓர் எண்ணுக்கு 53 பிட் துல்லியம்தான் உண்டு. இந்த அளவுள்ள எண்களில் அது 4-இன் மடங்குகளை மட்டுமே வைத்துக்கொள்ளும். 12-இல் முடிவதற்கு இடம் உண்டு, 16-இல் முடிவதற்கும் உண்டு. 14-இல் முடிவதற்கு இடமே இல்லை. படிப்படியாகக் கூட்டினால் வர்க்கங்களின் கூட்டல் 30000001200000012 என்று நிற்கிறது. கழித்தால் பூச்சியம். மூன்று வெவ்வேறு மதிப்புகளுக்குச் சிதறலே இல்லை என்கிறது கணினி. உருட்டல் வேறு பக்கம் போயிருந்தால் 4 வந்திருக்கும். 2 மட்டும் எப்படியும் வராது.

இதில் பழி கழித்தல் மேல் விழுவது வழக்கம், எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஒன்று மற்றதன் இரு மடங்குக்குள் இருக்கும் இரண்டு டபுள்களைக் கழித்தால் விடை துல்லியமாகவே வரும். இழப்பு அதற்கு முன்பே, வர்க்கமாக்கிக் கூட்டியபோதே நடந்துவிட்டது. கழித்தல் அதை வெளியே காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். டேவிட் கோல்ட்பெர்க் 1991-இல் எழுதிய கட்டுரையில் கேன்சலேஷனை இரண்டு வகையாகப் பிரித்ததும் இதனால்தான்: பிழை ஏறிய எண்களைக் கழிப்பது பேரிழப்பு வகை, பிழையற்ற எண்களைக் கழிப்பது தீங்கற்ற வகை.

ஆக, பெரிய எண்கள் உருவாகாமலே பார்த்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது. அதற்கான வழியை 1962-இல் பி. பி. வெல்ஃபோர்ட் ஒரு சிறு குறிப்பாக வெளியிட்டார். நினைவில் வைக்க வேண்டியவை மூன்றுதான்: எண்ணிக்கை, இதுவரையிலான சராசரி, அந்தச் சராசரியிலிருந்து விலகிய விலக்க வர்க்கங்களின் கூட்டல்.

```
n, mean, M2 = 0, 0.0, 0.0
for x in data:
    n += 1
    delta = x - mean
    mean += delta / n
    M2 += delta * (x - mean)
variance = M2 / (n - 1)
```

கடைசி வரிக்கு முந்தைய வரியைக் கவனியுங்கள். `delta` பழைய சராசரியிலிருந்து விலகல், `x - mean` புதிய சராசரியிலிருந்து விலகல். இரண்டும் வேண்டும். `delta * delta` என்று போட்டால் M2 தேவைக்கு மேல் ஊதிவிடும்.

அதே மூன்று மதிப்புகள். முதலாவது வந்ததும் சராசரி 100000001, M2 பூச்சியம். இரண்டாவது வருகிறது: `delta` 1, சராசரி 100000001.5, புதிய விலகல் 0.5, M2 0.5. மூன்றாவது: `delta` 1.5, சராசரி 100000002, புதிய விலகல் 1, M2 0.5 + 1.5 = 2. இரண்டால் வகுத்தால் 1. வழியில் எங்கேயும் பதினேழு இலக்க எண் தலைகாட்டவே இல்லை.

இன்னொரு நன்மை, பழைய விலகலுக்கும் புதிய விலகலுக்கும் ஒரே குறிதான் இருக்கும், ஏனென்றால் புதிய சராசரி பழையதற்கும் `x`-க்கும் இடையில்தான் விழுகிறது. எனவே M2 ஒருபோதும் குறையாது. குறுக்குவழியில் அந்த உத்தரவாதம் கிடையாது, விடை குறை எண்ணாகவும் வரலாம். திட்ட விலக்கத்துக்காக வர்க்கமூலம் எடுக்கும் இடத்தில் திடீரென `NaN` வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். `NaN` வராமல் சும்மா தவறான எண் வருவதுதான் ஆபத்து. அதைப் பிடிக்க ஒரு சோதனை உண்டு: எல்லா மதிப்புகளிலும் ஒரே மாறிலியைக் கழித்துவிட்டு மறுபடி கணக்கிடுங்கள். வேரியன்ஸ் மாறக் கூடாது. மாறினால் இலக்கங்கள் எங்கோ போயிருக்கின்றன.

சராசரியைப் பற்றி ஒரு சொல். இங்கே வருவது ‘இதுவரை வந்த எல்லாவற்றின் சராசரி’. கடைசி சில மதிப்புகளை மட்டும் எடுக்கும் ‘நகரும் சராசரி’ வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வெல்ஃபோர்ட் முறைக்கு விலை உண்டு. ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு வகுத்தல், போதாததற்கு ஒவ்வொரு படியும் முந்தைய படிக்காகக் காத்திருக்க வேண்டும். தரவைப் பிரித்துச் செயலியின் பல கருக்களில் ஓட்டினால், a, b என்ற இரண்டு துண்டுகளின் M2-ஐ இணைக்க இந்தச் சூத்திரம் இருக்கிறது:

```
delta = mean_b - mean_a
M2 = M2_a + M2_b + delta**2 * n_a * n_b / (n_a + n_b)
```

உள்ளே வரும்போதே தொலைந்த இலக்கங்களை மட்டும் எந்த முறையாலும் மீட்க முடியாது. அதே மூன்று மதிப்புகளை 32 பிட் ஃப்ளோட்டில் சேமித்தால், அந்த அளவில் 8-இன் மடங்குகளுக்குத்தான் இடம் என்பதால், மூன்றும் 100000000 ஆகிவிடும். வெல்ஃபோர்டும் அப்போது பூச்சியம் என்றுதான் சொல்வார், தனக்கு வந்த தரவுக்கு அது சரியான விடையும்கூட.