ஹைப்ரிட் மெயில் வந்தால் முதலில் மணியை எண்ணுங்கள்

அலுவலகம் கோவையில், வீடு கோத்தகிரியிலோ குன்னூரிலோ என்று இருப்பவர்களுக்கு மேனேஜரிடமிருந்து ஒரு மெயில் வருகிறது. வாரத்தில் 3 நாள் அலுவலகம், 2 நாள் வீடு. எல்லோரும் கட்டாயம் வேலையில் இருக்க வேண்டிய கோர் ஹவர்ஸ் காலை 11 முதல் மாலை 4 வரை. மீதி வேலையை அவரவர் வசதிப்படி முடிக்கலாம். கடைசியில் ஒரு வரி: "இது நிறுவனக் கொள்கைக்கும் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துக்கும் உட்பட்டது."

அந்தக் கடைசி வரியைப் பார்த்து, வீட்டு நாளைச் சட்டமே கொடுத்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். 1947ஆம் ஆண்டுச் சட்டம் அது. வேலை நேரம், ஓய்வு, கூடுதல் ஊதியம் பற்றிப் பேசும். வீட்டிலிருந்து வேலை செய்யும் உரிமையைத் தராது. மகப்பேறு விடுப்புக்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று 2017 திருத்தத்தில் வந்ததுகூட, இரு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான். ஆக, உங்கள் 2 நாளும் கொள்கை ஆவணத்தில்தான் நிற்கிறது. அதை எச்.ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "போர்ட்டலில் இருக்கும், பாருங்க" என்பார்கள். போர்ட்டலில் மெயில் நகல்தான் இருக்கும். விடாதீர்கள்.

ஆவணம் கைக்கு வந்ததும் தகுதிப் பகுதியைப் பாருங்கள். பயிற்சிக் காலம் முடிந்திருக்க வேண்டும், நேரடிப் பணியாளராக இருக்க வேண்டும், மேனேஜர் சம்மதிக்க வேண்டும் என்று இருக்கும். ஏஜென்சி மூலம் வேலைக்கு வந்தவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். மெயில் அவர்களுக்கும் வரும். வீட்டிலிருந்து லாகின் செய்த நாளுக்குச் சம்பளம் பிடித்த பிறகு கேட்டால், கம்பெனி ஏஜென்சியைக் கைகாட்டும், ஏஜென்சி கம்பெனியைக் கைகாட்டும். "எனக்கும் பொருந்துமா?" என்று ஒரே மெயிலில் இருவரையும் சேர்த்துக் கேட்டுவிட்டு, பதில் வந்தபின் வீட்டில் உட்காருங்கள்.

அடுத்தது "வசதிப்படி" என்ற சொல். கோத்தகிரியில் கணக்கு வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் வீட்டு நாள் இது. காலை 7 முதல் 10 வரை வேலை. ஒரு மணி நேரம் ஓய்வு. 11 முதல் 4 வரை கோர் ஹவர்ஸ், நடுவில் ஒரு மணி நேரச் சாப்பாடு. இதுவரை 7 மணி நேரம். எட்டாவது மணியை மேனேஜர் இரவு 8.30 மீட்டிங்குக்கு எடுத்துக்கொள்கிறார். டைம்ஷீட்டில் சரியாக 8 மணி நேரம்; ஓவர்டைம் ஒன்றும் கிடையாது. ஆனால் அவருடைய நாள் காலை 7 முதல் இரவு 9.30 வரை இழுபடுகிறது, பதினான்கரை மணி நேரம்! வேலையும் ஓய்வும் சேர்ந்து ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் பரவக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. 7 மணிக்குத் தொடங்கினால் இரவு 7 மணிக்கு நாள் முடிந்தது. மெயில் துணைக்கு அழைத்த சட்டமாயிற்றே, அதையே காட்டிக் கேட்கலாம்.

மொத்த வேலை 8 மணி நேரத்தைத் தாண்டினால், தாண்டியதற்கு இரட்டை ஊதியம். இங்கே ஒரு பொறி உண்டு. நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்பதால், சம்பளத்தைக் கூட்டாமல் "அசிஸ்டென்ட் மேனேஜர்" பட்டத்தை மட்டும் தந்துவிடுவார்கள். லீவு அனுமதிக்கும் அதிகாரம்கூட இல்லாதவருக்கு அது வெறும் பெயர்ப்பலகைதான் என்று வாதாடலாம். "இந்தச் சட்டத்திலிருந்து நமக்கு விலக்கு இருக்கு" என்று எச்.ஆர். சொன்னால் அரசாணை எண்ணைக் கேளுங்கள்.

மலையில் கோர் ஹவர்ஸுக்கு வேறு தொல்லையும் உண்டு. மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை பெரும்பாலும் காலையில் தொடங்கி மாலை வரை இருக்கும். கோர் ஹவர்ஸ் முழுக்க அதில் போய்விடும். அறிவிப்பு வந்த அன்றே படம் எடுத்து மேனேஜருக்கு அனுப்பி, "அன்றைக்குப் பதில் வேறு நாள் வீட்டிலிருந்து பார்க்கட்டுமா?" என்று கேளுங்கள். மறுநாள் சொன்னால் அரை நாள் லீவு. மழைக்குக் கலெக்டர் விடும் விடுமுறை பள்ளி, கல்லூரிக்குத்தான். அதைக் காட்டி அலுவலகத்தில் தப்ப முடியாது. குஞ்சப்பனைப் பக்கம் மரம் விழுந்து பஸ் நின்றால், நின்ற இடத்திலிருந்தே படத்தோடு மெயில் போடுங்கள். போனில் சொன்னதற்குச் சாட்சி இல்லை.

இத்தனைக்கும் பிறகு புகார்தான் வழி என்றால், தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தின் அமலாக்கப் பிரிவு. நீலகிரியில் கேட்டால் "கம்பெனி கோவையில இருக்கு, அங்க போங்க" என்பார்கள், கோவையில் "நீங்க வேலை பார்த்தது கோத்தகிரியில்தானே?" என்பார்கள். அலுவலகம் இருக்கும் ஊரான கோவையிலேயே எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். மேனேஜரின் மெயில், லாகின் நேரப் படங்கள், சம்பளச் சீட்டு ஆகியவற்றைக் கம்பெனி உங்கள் லாகின் கணக்கை முடக்குவதற்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.