கல்யாணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்டில் பெயர் மாற்றம்: எங்கே மாட்டிக்கொள்வீர்கள், எப்படித் தப்பிப்பது

கல்யாணம் ஆனதும் பாஸ்போர்ட்டில் பெயரை மாற்றியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அப்பா பெயரோடு இருக்கும் பாஸ்போர்ட் அதன் காலாவதித் தேதி வரைக்கும் செல்லும். "கணவர் பெயர் இல்லாவிட்டால் விசா தரமாட்டார்கள்" என்று சொந்தக்காரர்களும் ஏஜென்ட்டுகளும் சொல்வதைக் கேட்டுப் பணத்தையும் லீவையும் செலவழிக்கும் பெண்கள் பலர். விசா தருபவர்கள் உறவுக்கு ஆதாரம் கேட்பார்கள், உண்மைதான். அதற்குத் திருமணப் பதிவுச் சான்றிதழ் இருக்கிறது.

இதில் இரண்டு வேறு வேறு வேலைகள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. முதலாவது, உங்கள் பெயர் அப்படியே இருக்க, கணவர் பெயரை மட்டும் பதிவில் சேர்ப்பது. இரண்டாவது, உங்கள் பெயரையே மாற்றுவது, அதாவது அப்பா பெயர் இருந்த இடத்தில் கணவர் பெயரைக் கொண்டுவருவது. இரண்டுக்கும் விண்ணப்பம் ஒன்றுதான், கட்டணமும் ஒன்றுதான். பழைய புத்தகத்தில் யாரும் திருத்தி எழுதித் தரமாட்டார்கள். எதைக் கேட்டாலும் புது எண்ணோடு புது பாஸ்போர்ட்தான். 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய். ஆனால் கேட்கும் காகிதமும் கேள்வியும் ஒன்றல்ல. கணவர் பெயரைச் சேர்க்க மட்டும் என்றால், திருமணச் சான்றிதழ் இல்லாதவர்கள் கணவனும் மனைவியும் சேர்ந்த போட்டோ ஒட்டி, இருவரும் கையெழுத்துப் போட்ட அனெக்சர் ஜே என்ற உறுதிமொழியைத் தரலாம். உங்கள் பெயரையே மாற்றுவதாக இருந்தால் அந்த ஒரு தாளை மட்டும் நம்பிக்கொண்டு கிளம்பாதீர்கள். பதிவுச் சான்றிதழை எடுத்து வைத்துக்கொண்ட பிறகு அப்பாயின்ட்மென்ட் போடுங்கள்.

சான்றிதழ் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து வாங்கியது. கோயிலில் தந்த ரசீது, மண்டபத்தின் பில், கல்யாணப் பத்திரிகை, நோட்டரி முத்திரை குத்திய ஒப்பந்தம் எதுவும் அதற்குப் பதிலாகாது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு 150 நாள் வரை. இந்தக் கெடுவை விட்டுவிட்டு, வெளிநாட்டு வேலைக்குத் தேதி நெருங்கும்போது ஓடுகிறவர்கள்தான் ஏஜென்ட் கையில் சிக்குகிறார்கள்.

சரி, சான்றிதழ் கையில் இருக்கிறது. நிம்மதியா? இல்லை. விண்ணப்பங்கள் அதிகமாக முட்டிக்கொள்ளும் இடமே அந்தச் சான்றிதழில் அச்சாகியிருக்கும் பெயர்தான். ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம்.

கவிதாவின் பாஸ்போர்ட்டில் Given Name என்ற இடத்தில் KAVITHA, Surname என்ற இடத்தில் அப்பா பெயர் RAMASAMY. கணவரின் பாஸ்போர்ட்டில் SENTHIL KUMAR, அடுத்த கட்டத்தில் அவருடைய அப்பா பெயர் MURUGAN. திருமணச் சான்றிதழில் மணமகன் பெயர் SENTHILKUMAR M, மணமகள் பெயர் KAVITHA R. கவிதாவுக்கு வேண்டியது KAVITHA SENTHILKUMAR.

வீட்டில் எல்லாருக்கும் இது ஒரே செந்தில்குமார்தான். கணினிக்கு மூன்று ஆட்கள். SENTHIL KUMAR வேறு, SENTHILKUMAR வேறு, SENTHILKUMAR M வேறு. கவுண்டரில் இருப்பவர் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவார், நடுவில் இருக்கும் ஒரு இடைவெளியைக்கூட. "இது இவர்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டுவிட்டு ஃபைலை ஓரமாக வைத்தால் அடுத்த ஒரு மாதம் உங்களுடையது அல்ல.

எனவே அப்பாயின்ட்மென்ட் எடுப்பதற்கு முன்னால் ஒரு எழுத்து வடிவத்தை முடிவு செய்ய வேண்டும். கணவருக்குப் பாஸ்போர்ட் இருந்தால் அதில் உள்ளதுதான் அந்த வடிவம். அதை மாற்றுவதைவிட மற்றதை அதற்கு ஏற்றபடி திருத்துவது சுலபம். சான்றிதழில் தவறு இருந்தால் பதிவு செய்த அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் கணவரின் பாஸ்போர்ட் அல்லது பள்ளிச் சான்றிதழைக் காட்டித் திருத்தம் கேளுங்கள். அங்கே "இதெல்லாம் ஒரு தப்பாம்மா, எந்த ஆபீஸிலும் ஏற்றுக்கொள்வார்கள், போங்க" என்று அனுப்பிவைக்கப் பார்ப்பார்கள். ஏற்றுக்கொள்ளாத ஆபீஸில் நிற்கப்போவது அவர்கள் இல்லை. மனுவாக எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

இனிஷியல் இன்னொரு தொல்லை. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியலை அப்படியே எழுதக் கூடாது, விரித்து எழுத வேண்டும். சான்றிதழில் மணமகன் பெயர் SENTHILKUMAR M என்று இருந்தாலும், அவருடைய அப்பா பெயர் முருகன் என்று அதே தாளில் தனியாக இருக்கும். அதனால் இனிஷியல் மட்டும் இருப்பது பெரிய குறை இல்லை. ஆதாரில்தான் கவனம் வேண்டும். கவிதா முன்கூட்டியே ஆதாரை KAVITHA S என்று மாற்றி வைத்திருந்தால், அந்த S யார் என்ற கேள்விக்கு ஆதாரில் பதில் இல்லை. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். கல்யாணத்துக்காக மாற்றுவதாக இருந்தால் பாஸ்போர்ட்டில் என்ன வரப்போகிறதோ அதே எழுத்தில், விரித்தே மாற்றுங்கள். அதை பாஸ்போர்ட்டுக்கு முன்னால் முடித்துவிட்டால், புதுப் பெயரில் ஒரு அடையாள அட்டையாவது கையில் இருக்கும். கவுண்டரில் பாதிக் கேள்வி அதோடு அடங்கிவிடும்.

பெயர் மாற்றுகிற சமயத்தில் எண்கணிதம் பார்த்து KAVITHA என்பதை KAVITHAA ஆக்கிவிடலாம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். கணவர் பெயர் சேருவதற்குத் திருமணச் சான்றிதழ் ஆதாரம். உங்கள் சொந்தப் பெயரில் ஒரு எழுத்து கூடுவதற்கு அது ஆதாரம் ஆகாது. அது தனிப் பெயர் மாற்றக் கணக்கில் போய்விடும், அரசிதழ் அறிவிப்பு கேட்பார்கள். வெறும் கல்யாணப் பெயர் மாற்றத்துக்கு அரசிதழும் வேண்டாம், பத்திரிகை விளம்பரமும் வேண்டாம். யாராவது அதற்கென்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

முகவரிதான் அடுத்த பள்ளம். கணவர் வீட்டுக்கு வந்தாயிற்று, உங்கள் பெயரில் இங்கே எந்தக் காகிதமும் இல்லை. கணவரின் பாஸ்போர்ட் நகலை முகவரிச் சான்றாகத் தரலாம் என்று விதி இருக்கிறது. அதைப் படித்துவிட்டுப் பலர் நம்பிக்கையாகப் போகிறார்கள். அந்தப் பாஸ்போர்ட்டில் மனைவி என்று உங்கள் பெயர் இருக்க வேண்டும், அதில் உள்ள முகவரியும் நீங்கள் விண்ணப்பத்தில் எழுதிய முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அதே விதியின் மீதிப் பாதி. கல்யாணத்துக்கு முன்பு எடுத்த பாஸ்போர்ட்டில் மனைவி பெயர் எங்கிருந்து வரும்? புதுமணத் தம்பதிக்குத்தான் இந்த வசதி தேவை, அவர்களுக்குத்தான் இது பயன்படுவதில்லை. ஆதாரில் முகவரியையும் சேர்த்து மாற்றிக்கொள்வதே நேர்வழி.

விண்ணப்பம் ஆன்லைனில்தான், முகவரி passportindia.gov.in. தேடினால் மேலே வரும் மற்ற தளங்களில் பணம் கட்டிவிடாதீர்கள், .gov.in என்று முடிகிறதா என்று பாருங்கள். உள்ளே Re-issue of Passport, காரணம் Change in Existing Personal Particulars. எந்தெந்த விவரம் மாறுகிறது என்ற இடத்தில் உங்கள் பெயர், கணவர் பெயர், முகவரி மூன்றும் மாறினால் மூன்றையும் தேர்ந்தெடுங்கள். ஒன்றை விட்டுவிட்டு கவுண்டரில் வாயால் சொன்னால் எடுபடாது. பெயர்க் கட்டங்களில் புதுப் பெயரை எழுதுங்கள். கீழே Have you ever changed your name? என்று ஒரு கேள்வி வரும். "நான் இப்போதுதானே மாற்றுகிறேன்" என்று நினைத்து No போடுகிறார்கள். Yes போட்டு பழைய பெயரை, பழைய பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத வேண்டும். Surname கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு வருபவர்களுக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து விசா விஷயத்தில் கெடுபிடி காட்டுகிறது.

சேவா கேந்திராவுக்குப் போகும் நாளில் பழைய பாஸ்போர்ட் அசல், அதன் முதல் இரண்டு, கடைசி இரண்டு பக்கங்களின் ஜெராக்ஸ், திருமணச் சான்றிதழ், ஆதார், கணவரின் பாஸ்போர்ட் இருந்தால் அதன் நகல். ஒவ்வொரு ஜெராக்ஸிலும் உங்கள் கையெழுத்து, அதுவும் பழைய பாஸ்போர்ட்டில் போட்ட அதே கையெழுத்து. ஏ கவுண்டரில் போட்டோவும் கைரேகையும் எடுத்துவிட்டு, உங்கள் விவரத்தை உங்கள் பக்கம் திரும்பியிருக்கும் திரையில் காட்டுவார்கள். அவசரப்படுத்துவார்கள். பரவாயில்லை, பெயரை எழுத்தெழுத்தாக வாசியுங்கள். எழுத்துப்பிழையைத் திருத்த அதுவே சுலபமான இடம். பி கவுண்டரில் காகிதங்களைச் சரிபார்ப்பார்கள், சி கவுண்டரில் அனுமதி. வெளியே வரும்போது தரும் தாளைப் படிக்காமல் மடித்து வைக்காதீர்கள். ஏதாவது குறை என்றால் என்ன குறை, எங்கே வர வேண்டும் என்பது அதில் இருக்க வேண்டும். "இன்னொரு ப்ரூஃப் கொண்டு வாங்க" என்று வாயால் சொன்னால், எந்த ப்ரூஃப் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். சென்னை, மதுரை, திருச்சி, கோவை மண்டல அலுவலகத்துக்குப் போகச் சொன்னாலும் அந்தக் குறிப்பைக் காட்டித்தான் பேச முடியும். பதிலே வராமல் கிடந்தால் 1800-258-1800 இலவச எண்ணில் ஃபைல் எண்ணைச் சொல்லிக் கேட்கலாம்.

போலீஸ் விசாரணை வந்தால் காவல் நிலையத்தில் உங்களைத் தேடுவது புதுப் பெயரிலும் புது முகவரியிலும். பக்கத்து வீட்டுக்காரருக்கு உங்களை "செந்தில் வீட்டுப் பொண்ணு" என்றுதான் தெரியும். உங்கள் முழுப் பெயரை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

விமான டிக்கெட் பழைய பெயரில் எடுத்திருந்தால், பயணம் முடிந்த பிறகு விண்ணப்பியுங்கள். டிக்கெட்டில் உள்ள பெயரும் கையில் உள்ள பாஸ்போர்ட்டும் ஒத்துப்போக வேண்டும். பழைய புத்தகத்தை ரத்து செய்து மூலையை வெட்டித் திருப்பித் தருவார்கள். அதில் காலாவதியாகாத விசா இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்த நாட்டின் விதியைப் பார்த்து, இரண்டு புத்தகத்தையும் திருமணச் சான்றிதழையும் சேர்த்து எடுத்துப் போங்கள்.