அப்பச்சிக்குப் போட்ட யூரின் டியூபை ஏன் சீக்கிரம் எடுக்கிறார்கள்?

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, 78 வயது. வளவுப் படியில் தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்திருக்கிறது. “மறுநாளே யூரின் டியூபை எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறார். வீட்டில் நானும் சமையல் செய்யும் அக்காவும்தான். கழிவறையோ பின்கட்டில் இருக்கிறது. ராத்திரியில் அவரை எழுப்பி, இரண்டு கட்டு தாண்டி யார் நடத்திக்கொண்டு போவது? இன்னும் பத்து நாள் டியூப் இருந்தால் என்ன கெட்டுவிடும்?”

செட்டிநாட்டில் பெரிய வீடுகளில் முதியவர்கள் தனித்திருக்கும் நிலை தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் நியாயம் புரியும். அதனால் ‘டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்’ என்று முடித்துவிடாமல், அந்தப் பத்து நாளில் சிறுநீர்ப்பைக்குள் என்ன நடக்கும் என்பதைச் சொல்கிறேன்.

டியூபின் அமைப்பு எளிது. சிறுநீர் வெளிவரும் வழியாக உள்ளே செலுத்தி, நுனியை ஒட்டியுள்ள சிறு பலூனில் பெரும்பாலும் 10 மில்லி தூய நீரை நிரப்புவார்கள். பலூன் உப்பிக்கொள்வதால் டியூப் வெளியே நழுவாது. 1930-களில் அமெரிக்க மருத்துவர் ஃபோலி உருவாக்கிய வடிவம் இது. இன்றும் அவர் பெயரிலேயே விற்கிறது. சிறுநீர் வடியும் துளைகள் பலூனுக்கு மேலே இருக்கின்றன. ஆகவே பலூனைச் சுற்றி அடியில் கொஞ்சம் சிறுநீர் எப்போதும் வடியாமல் தேங்கியே நிற்கும். சாதாரணமாக நாம் சிறுநீர் கழிக்கும்போது சிறுநீர்ப்பை முழுவதுமாகச் சுருங்கி, உள்ளே வழிதவறி வந்த கிருமிகளையும் சேர்த்து அடித்து வெளியேற்றிவிடும். டியூப் போட்டதும் அந்தக் கழுவல் நின்றுவிடுகிறது.

இதுவரை சொன்னது பலருக்கும் தெரிந்த கதைதான். என்னை வியக்கவைப்பது இதற்கு அடுத்து நடப்பது.

சிறுநீர்ப்பையின் உட்சுவர் மிக மென்மையானது. பலூனும் டியூபின் நுனியும் அதில் ஓயாமல் உரசுகின்றன. உரசிய இடம் சிவந்து வீங்குகிறது. உடலுக்கு அது ஒரு காயம். காயம் என்றால் ரத்தத்திலிருந்து ஃபைப்ரினோஜன் என்ற புரதம் அங்கே வந்துசேரும். விரலில் வெட்டுப்பட்டால் ரத்தம் உறைவதற்கு வலை பின்னிக் கொடுப்பது இதே புரதம்தான். சிறுநீர்ப்பைக்குள் கசிந்த ஃபைப்ரினோஜன் காயத்தை ஆற்றப் போகிற வழியில், பக்கத்திலேயே இருக்கும் டியூபின் மேலும் படிந்துவிடுகிறது. வழவழப்பான ரப்பரும் சிலிக்கோனும் அந்த நேரத்திலிருந்து நம் உடலின் புரதத்தால் போர்த்தப்பட்ட பரப்பாக மாறிவிடுகின்றன.

இங்கேதான் என்டரோகாக்கஸ் என்ற பாக்டீரியா வருகிறது. நம் குடலில் சாதுவாக வாழ்வது அது. டியூப் இல்லாத சிறுநீர்ப்பையில் அதனால் நெடுநேரம் நிலைக்க முடியாது. எலிகளில் சோதித்தபோது உடல் அதை விரைவில் அகற்றிவிடுவதைக் கண்டார்கள். ஆனால் அதன் உடம்பில் மயிரிழை போன்ற நுண்ணிய இழைகள் உண்டு. இழை நுனியில் இருக்கும் ஒரு புரதம் ஃபைப்ரினோஜனை இறுகப் பற்றிக்கொள்ளும். அதாவது வெறும் டியூபைப் பிடிக்க வழியில்லாத கிருமிக்கு, காயத்தை ஆற்ற நம் உடல் அனுப்பிய புரதமே பிடிமானம் ஆகிறது. அதோடு முடியவில்லை. அந்தப் புரதத்தையே துண்டாக்கி உணவாக்கிக்கொண்டு அது பெருகவும் செய்கிறது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஹல்ட்கிரன் ஆய்வுக்கூடத்தில் அனா ஃபுளோரஸ்-மிரெலெஸ் தலைமையிலான ஆய்வு 2014-ல் இதை வெளிக்கொண்டுவந்தது. நோயாளிகளிடமிருந்து எடுத்த டியூப்களிலும் ஃபைப்ரினோஜன் படிந்திருப்பதைப் பின்னர் கண்டார்கள்.

ஒட்டிக்கொண்ட கிருமிகள் பெருகி, தங்களைச் சுற்றிப் பிசுபிசுப்பான ஒரு படலத்தைச் சுரக்கின்றன. ஊருணிப் படித்துறையில் பாசி பிடிப்பதைப் போன்றது இது. படியின் மேல் எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும் பாசி போவதில்லை. அதேபோல் நாம் கொடுக்கும் ஆன்டிபயாடிக் சிறுநீரில் மிதக்கும் கிருமிகளைக் கொன்றுவிடும். படலத்தின் ஆழத்தில் மெல்ல வாழும் கிருமிகளை அதனால் எளிதில் கொல்ல முடியாது. மாத்திரை முடிந்ததும் அவை மீண்டும் கிளம்பும். இந்த முறை அந்த மருந்துக்குப் பழகிய கிருமிகளாகவும் இருக்கலாம். ‘டியூபும் இருக்கட்டும், பாதுகாப்புக்கு மாத்திரையும் கொடுத்துவிடுங்கள்’ என்று கேட்பது பயன் தராமல் போவதற்குக் காரணம் இதுதான்.

இப்போது வாசகியின் பத்து நாளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். டியூப் இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. நடுவில் 5 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் நாள் எடுத்துவிட்டால் நூறு பேரில் சுமார் பத்துப் பேருக்குக் கிருமி சேர்ந்திருக்கும். பத்து நாள் விட்டால் அது நாற்பது பேர். ஒரு மாதம் விட்டால் ஏறக்குறைய எண்பது பேர். கிருமி சேர்ந்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை. ஆனால் 78 வயதில், புதிதாக உலோகம் பொருத்திய இடுப்போடு படுத்திருப்பவருக்குக் கிருமி ரத்தத்தில் கலந்தால் நிலைமை மோசமாகிவிடும்.

டியூப் இருக்கும்வரை செய்ய வேண்டியவை இந்த அறிவிலிருந்தே வருகின்றன. கிருமிக்கு இரண்டு பாதைகள்: டியூபின் வெளிப்புறத்தை ஒட்டி மேலேறுவது ஒன்று, சிறுநீர் வடிந்து சேரும் வெளிப் பையிலிருந்து டியூபின் உட்புறமாக ஏறுவது மற்றொன்று. இரண்டாவதை அடைக்கத்தான் டியூபையும் பையையும் கழற்றாமல் ஒரே மூடிய வழியாக வைக்கச் சொல்கிறார்கள். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். கட்டிலில் அவர் பக்கத்தில் வைத்தால் பழைய சிறுநீர் திரும்ப உள்ளே ஓடும். ஆத்தங்குடிக் கல் தரை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் பையின் கீழ்க்குழாய் தரையில் படக்கூடாது. பை நிரம்பி வழியும்வரை காத்திராமல், மூன்றில் இரண்டு பங்கு சேர்ந்ததும் கையைக் கழுவிவிட்டுத் தனிப் பாத்திரத்தில் வடியுங்கள். குழாய் பாத்திரத்தில் இடிக்கக்கூடாது. வெளிப்புறப் பாதைக்குத் தினமும் சோப்பும் தண்ணீரும் போதும். டெட்டால் போட்டுத் துடைத்தால் தோல் எரியுமே தவிர, கூடுதல் நன்மை இல்லை. டியூபைத் தொடையில் பிளாஸ்திரி போட்டு நிறுத்தினால் இழுபடுவது குறையும். இழுபடுவது குறைந்தால் உரசலும் குறையும். உரசல் குறைந்தால் கசியும் ஃபைப்ரினோஜனும் குறையும்.

பையில் சிறுநீர் கலங்கியிருப்பதோ வாடை அடிப்பதோ மட்டும் நோய் அல்ல; அதற்காக மருந்து வேண்டாம். காய்ச்சல், குளிர் நடுக்கம், அடிவயிற்றிலோ விலாப் பக்கத்திலோ வலி, திடீர்க் குழப்பம் ஆகியவைதான் அறிகுறிகள். இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். டியூப் போட்டவருக்குக் குளிர் நடுக்கம் வந்தால் ‘உடம்புச்சூடு’ என்று சொல்லி வெந்தயமும் இளநீரும் கொடுத்து இரண்டு நாள் காத்திருப்பது நம் பக்கத்தில் இன்னும் நடக்கிறது. அந்த இரண்டு நாளில்தான் கிருமி ரத்தத்துக்குள் போகிறது. அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். சிறுநீர்ப் பரிசோதனைக்குப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தால் பையில் வளர்ந்த கிருமிகள்தான் தெரியும். டியூபில் அதற்கென உள்ள இடத்திலிருந்து ஊசியால் எடுக்கச் சொல்லுங்கள். டியூப் போட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தால், அதை மாற்றிவிட்டுப் புதிய டியூபிலிருந்து எடுப்பதுதான் சரி.

அப்பச்சியின் டாக்டர் மறுநாளே எடுக்கச் சொன்னார் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. பல இடங்களில் டியூப் தேவையில்லாமல் நீடிப்பதற்குக் காரணம் மறதி. அமெரிக்காவில் நான்கு மருத்துவமனைகளில் சஞ்சய் செயிண்ட் குழு 2000-ல் வெளியிட்ட ஆய்வில், தம் நோயாளிக்கு டியூப் இருப்பதே மருத்துவர்களுக்குத் தெரியாத நிலை நூற்றுக்கு 28 என்று தெரியவந்தது. ‘இன்றும் இது தேவையா?’ என்று தினமும் கேட்கும் ஒரு நினைவூட்டுச் சீட்டை நோயாளியின் கோப்பில் வைத்த மருத்துவமனைகளில் தொற்று ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருக்கிறது. வெள்ளி பூசிய டியூப், மருந்து பூசிய டியூப் எனப் பணம் கொட்டப்படுகிறது. ஒரு தாளை ஆராயவும் பரப்பவும் பணம் போட டியூப் விற்கும் நிறுவனங்களுக்குக் காரணமில்லை, ஏனென்றால் தாளை விற்க முடியாது. நம் மாவட்ட மருத்துவமனைகளில் இதற்கென ஒரு சிறு தொகையை அரசு ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி வாசகியின் வீட்டுக்கு வருவோம். எடுக்கிற நாளில் காலையிலேயே எடுப்பது நல்லது. சிக்கல் வந்தால் பகலில் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முன் டியூபை மூடி மூடித் திறந்து சிறுநீர்ப்பையைப் ‘பழக்க’ வேண்டியதில்லை. அதனால் பலன் இல்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. எடுத்தபின் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் அவர் சிறுநீர் கழிக்க வேண்டும். இந்த வயதில் புராஸ்டேட் வீக்கம், வலி மாத்திரை, மலச்சிக்கல் ஆகிய மூன்றும் சேர்ந்து அதைத் தடுக்கலாம். மலச்சிக்கலை முந்தைய நாளே கவனியுங்கள். அடிவயிறு கனத்து, சொட்டுச் சொட்டாக வந்தால் நர்ஸிடம் உடனே சொல்லுங்கள். ஸ்கேன் கருவியை வயிற்றின் மேல் வைத்து எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று பார்ப்பார்கள். 400 மில்லிக்கு மேல் தேங்கியிருந்தால் மெல்லிய டியூப் ஒன்றை ஒருமுறை செலுத்தி வடித்துவிட்டு, உடனே எடுத்துவிடலாம். புராஸ்டேட்டுக்கு மாத்திரை கொடுத்துச் சில நாள் கழித்து மறுபடி முயன்றால் பலருக்குச் சரியாகிவிடுகிறது. சிறுநீர் அடைப்பு தீராதவர்களுக்கு மட்டும் டியூப் தொடர வேண்டியிருக்கும்.

ராத்திரிக்குப் பின்கட்டு வரை போக வேண்டியதே இல்லை. கட்டிலை முன்கட்டில் போட்டு, தலைமாட்டில் மூடியுள்ள யூரின் கேன் ஒன்றை வையுங்கள், உட்கார்ந்தபடியே பயன்படுத்தலாம். பகலில் கட்டிலருகே கமோடு நாற்காலி. வாக்கரைப் பிடித்து எழுந்து அதுவரை அவர் வைக்கும் நாலு அடி, ஆபரேஷன் செய்த காலுக்கு மருத்துவரே சொல்லியிருக்கும் பயிற்சி. டியூப் இருந்தால் அந்த நாலு அடியையும் வைக்கமாட்டார். குழப்பத்தில் அதை இழுத்துவிட்டால் உப்பிய பலூனோடு வெளியே வந்து சிறுநீர் வழியைக் கிழித்துவிடும். மாலையில் நீராகாரத்தைக் குறைத்து, பகலில் நன்றாகக் குடிக்கச் செய்தால் ராத்திரியில் எழும் தடவைகள் குறையும். இதய நோயோ சிறுநீரக நோயோ இருந்தால் மட்டும் எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.