ஒரே கம்பெனி, ஆறு டெசிக்னேஷன்: ரெஸ்யூமேயில் எப்படி எழுதுவது?

நாலு கம்பெனி மாறியவரின் ரெஸ்யூமேயைப் படிப்பது எளிது. ஒரே கம்பெனியில் பத்துப் பன்னிரண்டு வருடம் இருந்து படிப்படியாக மேலே வந்தவருடையதுதான் பல நேரம் தலையைச் சுற்ற வைக்கும். கம்பெனி மாறினால் ஒரு வேலை முடிந்து இன்னொன்று தொடங்கியது என்று பார்த்ததுமே புரிந்துவிடும். உள்ளேயே பெயர் மாறிக்கொண்டு வந்தால், எது பதவி உயர்வு, எது டிபார்ட்மென்ட் மாற்றம், எது வெறும் பெயர் மாற்றம் என்று வெளியாளுக்குத் தெரியாது. ஆள் எடுக்கும் வேலையில் இருப்பதால் இதை அடிக்கடி பார்க்கிறேன். நல்ல ஆட்கள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் குவாலிட்டி பிரிவில் இருப்பவர். அவர் ரெஸ்யூமேயில் கம்பெனி பெயர் ஆறு முறை வந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு டெசிக்னேஷன்: 2013 ஜூலையில் கிராஜுவேட் இன்ஜினியர் டிரெய்னி, 2014 ஜூலையில் இன்ஜினியர், 2017 ஏப்ரலில் சீனியர் இன்ஜினியர், 2019-இல் லீட் – குவாலிட்டி, 2020 ஏப்ரலில் அசிஸ்டென்ட் மேனேஜர், 2023 ஏப்ரலில் டெபுடி மேனேஜர்.

வேகமாகக் கண்ணை ஓட்டுகிறவருக்கு இது ஆறு வேலை மாதிரித் தெரியும். ‘இவர் எங்கேயும் நிலையாக இருக்கமாட்டார் போலிருக்கிறதே’ என்று நினைத்து அடுத்ததற்குப் போய்விடலாம். நிதானமாகப் படிப்பவருக்கு வேறு சிக்கல். ‘லீட்’ என்றால் குழுவை நடத்தியவர் என்று எடுத்துக்கொள்வார். அதற்கு அடுத்த வரியில் ‘அசிஸ்டென்ட் மேனேஜர்’ என்று வந்ததும், இவரை ஏன் கீழே இறக்கினார்கள் என்று சந்தேகம் வரும். அவருடைய நல்ல பதவி உயர்வு ஒன்று, பதவி இறக்கம் போல ஆகிவிட்டது.

கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டபோதுதான் விஷயம் தெளிந்தது. 2014-இல் வந்தது பதவி உயர்வே இல்லை. ஒரு வருடப் பயிற்சி முடிந்ததும் அந்தக் கம்பெனியில் எல்லா டிரெய்னிகளுக்கும் வருகிற கன்ஃபர்மேஷன். 2019-இல் வந்ததும் உயர்வு இல்லை. அந்த வருடம் கம்பெனி தன் கிரேடு பெயர்களை எல்லாம் மாற்றியது. சீனியர் இன்ஜினியர்கள் எல்லோரும் ஒரே நாளில் ‘லீட்’ ஆனார்கள். கிரேடும் மாறவில்லை, சம்பளமும் மாறவில்லை, செய்த வேலையும் அதேதான். ஆக, ஆறு பெயர்கள் இருந்தாலும் உண்மையான பதவி உயர்வு மூன்றுதான்: 2017, 2020, 2023.

எழுத உட்காருமுன் இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும். ஆஃபர் லெட்டர், கன்ஃபர்மேஷன் லெட்டர், பதவி உயர்வுக் கடிதங்கள், வருடாந்திர இன்க்ரிமென்ட் கடிதங்கள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்குங்கள். ஒவ்வொரு பெயர் மாற்றத்துக்கும் இரண்டு கேள்வி போதும்: கிரேடு மாறியதா? பொறுப்பு மாறியதா? இரண்டுக்கும் ‘இல்லை’ என்றால் அதற்குத் தனி வரி வேண்டாம். இன்னொன்று, தேதி. ஏப்ரல் முதல் அமலாகும் உயர்வுக்கு ஜூன், ஜூலையில் கடிதம் கொடுத்து அரியர்ஸ் போடுவது பல இடங்களில் வழக்கம். கடிதம் கைக்கு வந்த தேதியை விட்டுவிட்டு, அதில் ‘அமலாகும் தேதி’ என்று குறித்திருப்பதையே எழுதுங்கள்.

அவருக்கு மாற்றி எழுதியது இப்படி வந்தது:

கம்பெனி பெயர், ஊர் — 2013 ஜூலை முதல் இன்றுவரை (மூன்று பதவி உயர்வுகள்)

டெபுடி மேனேஜர், குவாலிட்டி — 2023 ஏப்ரல் முதல். இரண்டு பிளான்ட்களுக்கான கஸ்டமர் புகார்கள், ஐ.ஏ.டி.எஃப் 16949 ஆடிட். 14 பேர் குழு.

அசிஸ்டென்ட் மேனேஜர், குவாலிட்டி — 2020 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை. 22 சப்ளையர்களின் தரப் பொறுப்பு. 5 பேர் குழு.

சீனியர் இன்ஜினியர் (2019 முதல் பெயர்: லீட் – குவாலிட்டி) — 2017 ஏப்ரல் முதல் 2020 மார்ச் வரை. ஒரு மெஷினிங் லைன் முழுவதற்கும் பொறுப்பு. புதிய பாகங்களுக்கான பி.பி.ஏ.பி ஆவணங்கள்.

இன்ஜினியர் (முதல் வருடம் டிரெய்னி) — 2013 ஜூலை முதல் 2017 மார்ச் வரை. ஷிஃப்டில் இன்-ப்ராசஸ் இன்ஸ்பெக்‌ஷன்.

கீழிருந்து மேலே படித்துப் பாருங்கள். ஷிஃப்ட், ஒரு லைன், 22 சப்ளையர்கள், இரண்டு பிளான்ட்கள். டெசிக்னேஷன்களை மறைத்துவிட்டாலும் ஆள் வளர்ந்திருப்பது தெரிகிறது. பழைய ரெஸ்யூமேயில் ‘தர ஆய்வு செய்தேன், அறிக்கை தயாரித்தேன்’ என்ற அதே நாலு வரி ஆறு இடத்திலும் ஒட்டப்பட்டிருந்தது. அதைப் படித்தால் பத்து வருடமாக ஒரே வேலையைச் செய்தவர் போலத்தான் இருந்தது. மேல்வரிகளுக்கு இடம் அதிகம் கொடுத்து, டிரெய்னி காலத்தை ஒரு வரியில் முடித்துவிடலாம். அந்தப் பயிற்சியைப் பற்றி யாரும் இப்போது கேட்கப் போவதில்லை.

பெயர் குழப்புகிறது என்பதற்காக நீங்களாகவே நல்ல பெயர் ஒன்றைச் சூட்டிக்கொள்ளாதீர்கள். இதில்தான் பலரும் வம்பில் மாட்டுகிறார்கள். பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் பழைய கம்பெனி ஹெச்.ஆரிடம் பொதுவாகக் கேட்பது சேர்ந்த தேதி, விலகிய தேதி, கடைசி டெசிக்னேஷன். கடிதத்தில் ‘லீட்’ என்றிருக்க, ரெஸ்யூமேயில் ‘மேனேஜர்’ என்றிருந்தால் அறிக்கையில் முரண்பாடு என்று குறிப்பு விழும். அதிகாரப்பூர்வப் பெயரை அப்படியே முதலில் போட்டுவிட்டு, பக்கத்தில் வேலையைச் சாதாரண வார்த்தையில் சொல்லுங்கள். அனுபவச் சான்றிதழில் பல கம்பெனிகள் கடைசி டெசிக்னேஷனை மட்டும்தான் போடும், பி.எஃப் சர்வீஸ் ஹிஸ்டரியில் டெசிக்னேஷனே இருக்காது. எனவே இடையில் வந்த பதவிகளுக்கு உங்கள் கையிலிருக்கும் பதவி உயர்வுக் கடிதங்கள்தான் சாட்சி. அலுவலக மெயிலில் மட்டும் வைத்திருந்தால், வேலையை விடும் நாளில் மெயிலோடு அவையும் போய்விடும்.

ஐ.டி. துறையில் இதே சிக்கல் வேறு மாதிரி வரும். டி.சி.எஸ்ஸில் ஐ.டி. அனலிஸ்ட்டுக்கு மேலே அசிஸ்டென்ட் கன்சல்டன்ட், அதற்கும் மேலே அசோசியேட் கன்சல்டன்ட். உள்ளே இருப்பவர்களுக்கு இது மனப்பாடம். வெளியே சில நிறுவனங்களில் ‘அசோசியேட்’ என்றாலே கீழ்ப்படி. இந்த மாதிரி இடங்களில் தேதிக்குப் பக்கத்தில் ‘பதவி உயர்வு’ என்று ஒரு சொல் போட்டுவிட்டால் கேள்விக்கே இடமில்லை.

பெயரில் இறக்கம் போலத் தெரியும் டிபார்ட்மென்ட் மாற்றங்களுக்கும் இப்படி ஒரு குறிப்பு வேண்டும். புரொடக்‌ஷனில் சீனியர் இன்ஜினியராக இருந்து, டிசைனுக்கு ‘டிசைன் இன்ஜினியர்’ என்று போனவர், ‘அதே கிரேடில் இடமாற்றம்’ என்று எழுதிவிடலாம். அதைப் பதவி உயர்வுக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

குழுமத்தின் வேறொரு நிறுவனத்துக்கு மாற்றியிருந்தால் மட்டும் ஒரே தலைப்பின் கீழ் எல்லாவற்றையும் அடக்க முடியாது. சம்பளம் போடும் நிறுவனம் மாறினால் பெரும்பாலும் பி.எஃப் மெம்பர் ஐ.டி.யும் மாறும், வெரிஃபிகேஷனில் அது இரண்டு நிறுவனங்களாகவே வரும். இரண்டு பெயரையும் தனித்தனியே எழுதி, இரண்டாவதன் அருகில் ‘குழுமத்துக்குள் மாற்றம்’ என்று குறியுங்கள்.

லிங்க்ட்இன்னில், எல்லாப் பதவிகளுக்கும் கம்பெனியின் ஒரே பக்கத்தைத் தேர்ந்தெடுத்தால், அதுவே அவற்றை ஒரு பெயரின் கீழ் அடுக்கிக் காட்டும். ஒன்றில் பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, இன்னொன்றில் கையால் பெயரை டைப் செய்தால் இரண்டு கம்பெனியாகப் பிரிந்துவிடும். பழைய பதிவுகளைத் திறந்து இதை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.