‘நாட் ஒன்லி’ எங்கே உட்காருகிறது என்று பாருங்கள்

ஆங்கில அறிக்கைகளைத் திருத்துவதுதான் என் பிழைப்பு. சென்ற வாரம் வந்த ஓர் ஆண்டறிக்கையில் ஒரே பிழையை 14 இடங்களில் சிவப்பு மையால் வட்டமிட்டேன். எழுதியவர் தொலைபேசியில் கேட்டார்: “நாட் ஒன்லி போட்டிருக்கிறேன், பட் ஆல்சோவும் போட்டிருக்கிறேன். அப்புறம் என்ன குறை?” இதே கேள்வியை எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையை மறந்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

அவர் எழுதியது இது: ‘ஷி நாட் ஒன்லி மேனேஜ்டு தி அக்கவுண்ட்ஸ் பட் ஆல்சோ தி ஸ்டோர்ஸ்.’ கணக்குகளோடு கிடங்கையும் அந்தப் பெண் கவனித்துக்கொண்டார் என்று சொல்ல வந்திருக்கிறார். ‘நாட் ஒன்லி’க்கு அடுத்த சொல்லில் விரலை வையுங்கள்: ‘மேனேஜ்டு’, ஒரு வினை. ‘பட் ஆல்சோ’வுக்கு அடுத்து விரலை வையுங்கள்: ‘தி ஸ்டோர்ஸ்’, வெறும் பெயர். வினையைத் தொடங்கிவைத்துவிட்டுப் பெயரைக் கொண்டு முடிக்கிறார். தராசின் ஒரு தட்டில் சமையலையும் மறுதட்டில் அரிசியையும் வைத்தது போல.

திருத்த இரண்டு வழிகள். வினை இரண்டுக்கும் பொதுவென்றால் அதை முன்னால் தள்ளிவிடுங்கள்: ‘ஷி மேனேஜ்டு நாட் ஒன்லி தி அக்கவுண்ட்ஸ் பட் ஆல்சோ தி ஸ்டோர்ஸ்.’ இப்போது இரு பக்கமும் பெயர். செயல்களே வேறு என்றால் இரண்டாவது பக்கத்துக்கும் ஒரு வினை கொடுங்கள்: ‘ஷி நாட் ஒன்லி மேனேஜ்டு தி அக்கவுண்ட்ஸ் பட் ஆல்சோ டிரெய்ன்டு தி ஸ்டாஃப்.’ முடிந்தது.

ஜோடி வந்துவிட்டால் போதும் என்ற நினைப்புதான் எனக்கு எரிச்சல் மூட்டுவது. அந்த நினைப்பு எங்கிருந்து வருகிறது என்றும் எனக்குத் தெரியும். தமிழில் இந்தச் சொற்கள் பின்னால் ஒட்டுபவை. ‘கணக்குகளை மட்டுமல்லாமல் கிடங்கையும் கவனித்தார்’ என்கிறோம். ‘மட்டுமல்லாமல்’ கணக்குகளின் முதுகிலும், ‘உம்’ கிடங்கின் வாலிலும் ஏறிக்கொள்கின்றன. எதை எதோடு இணைக்கிறோம் என்பதில் குழப்பமே வராது. ‘கணக்குகளைக் கவனித்தது மட்டுமல்லாமல் கிடங்கையும்’ என்று எழுதி நிறுத்தினால், கிடங்கை என்ன செய்தார் என்று நம் காதே கேட்டுவிடும். ஆங்கிலத்தில் இந்தச் சொற்கள் முன்னால் நிற்பவை. எங்கே நிற்கின்றனவோ அங்கேதான் ஜோடி தொடங்குகிறது. நாமோ தமிழ்க் காதை வைத்துக்கொண்டு, வாக்கியத்தில் எங்கே இடம் தெரிகிறதோ அங்கே செருகிவிடுகிறோம். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் பேச்சில் இப்படி நழுவுவதுண்டு. பேச்சில் யாரும் கவனிப்பதில்லை. அச்சில் கவனிப்பார்கள்.

பொருள் புரிகிறதே, இது வெறும் அழகுப் பிரச்சினைதானே என்பவர்களுக்கு ‘போத்... அண்ட்’ ஜோடியைக் காட்டுவேன். அதே அறிக்கையின் 6ஆம் பக்கம்: ‘தி பேங்க் கிவ்ஸ் போத் லோன்ஸ் டு ஃபார்மர்ஸ் அண்ட் டிரேடர்ஸ்.’ ‘போத்’ கடனுக்கு முன்னால் நிற்பதால் வங்கி கொடுப்பவை இரண்டு: ஒன்று விவசாயிகளுக்குக் கடன், மற்றொன்று வியாபாரிகள்! ‘போத்’ என்ற ஒரே சொல்லை நகர்த்தினால் வியாபாரிகள் தப்பித்துவிடுவார்கள்: ‘லோன்ஸ் டு போத் ஃபார்மர்ஸ் அண்ட் டிரேடர்ஸ்.’

‘இன்’, ‘டு’, ‘ஃபார்’ போன்ற சிறு சொற்களில்தான் பெரும்பாலும் கால் தடுக்குகிறது. ‘போத் இன் தி ஆஃபீஸ் அண்ட் தி ஃபேக்டரி’ என்பதில் முதல் பக்கத்துக்கு ‘இன்’ இருக்கிறது, இரண்டாவதற்கு இல்லை. ‘போத்’துக்குப் பின்னால் ‘இன்’ வந்தால் ‘அண்ட்’டுக்குப் பின்னாலும் வர வேண்டும். இல்லையென்றால் ‘இன் போத் தி ஆஃபீஸ் அண்ட் தி ஃபேக்டரி’ என்று ‘இன்’னை வெளியே எடுத்துவிடுங்கள். கூடவே, ‘போத்’ என்று தொடங்கி ‘ஆஸ் வெல் ஆஸ்’ என்று முடிக்காதீர்கள். அதன் துணை ‘அண்ட்’ மட்டுமே. மூன்று பொருள்களுக்கு முன்னால் ‘போத்’ போடவும் வேண்டாம். எண்ணத் தெரியாதவர் எழுதியது போலிருக்கும்.

‘நாட் ஒன்லி’யை வாக்கியத்தின் தலையில் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்குப் பின் முழு வாக்கியம் வந்தால், வினையின் வரிசை புரண்டு ‘நாட் ஒன்லி டிட் ஷி மேனேஜ்...’ என்றாகும். மறுபக்கமும் முழு வாக்கியமாக வர வேண்டும்: ‘பட் ஷி ஆல்சோ டிரெய்ன்டு...’ இங்கே ‘பட்’டும் ‘ஆல்சோ’வும் பிரிந்து நிற்பது பிழையல்ல. பிரித்தால் தப்பு என்று யாரோ சொல்லிக்கொடுத்ததை நம்பி அவற்றை ஒட்டவைக்க வேண்டாம்.

தயவுசெய்து இதை மட்டும் செய்யுங்கள். எழுதி முடித்ததும் இரண்டு குறிச்சொற்களுக்கும் பின்னால் உள்ள பகுதிகளைத் தனித்தனியே வாசித்துப் பாருங்கள். ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றை அதே இடத்தில் வைத்தால் வாக்கியம் ஓட வேண்டும். ‘ஷி தி ஸ்டோர்ஸ்’ ஓடுகிறதா? இல்லையே.

அந்த 14 இடங்களில் நான் சமன் செய்தவை ஐந்துதான். மற்ற ஒன்பதிலும் அழுத்தம் கொடுக்க எந்தத் தேவையும் இல்லை. ‘நாட் ஒன்லி’யை அடித்துவிட்டு, ‘பட் ஆல்சோ’ இருந்த இடத்தில் ‘அண்ட்’ என்று எழுதினேன். எழுதியவர் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார்.