மில்லின் பீட்டாவை ஏற்காட்டுக்கு ஏற்றாதீர்கள்

இதே தப்போடு இந்த வருடத்தில் வந்த நான்காவது ஃபைல் இது. சேலத்தில் நூல் மில் நடத்தும் ஒரு குடும்பம், ஏற்காட்டில் 20 கோடியில் ரிசார்ட் கட்டப் போகிறது. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் ஈக்விட்டிக்கான செலவு, அதாவது போடும் சொந்தப் பணத்துக்கு எதிர்பார்க்க வேண்டிய வருமானம், 12.6 சதவீதம் என்று போட்டிருந்தது. எப்படி வந்தது என்று கேட்டேன். "நம்ம மில்லோட பீட்டாதானுங்க ஆடிட்டர் சார். கம்பெனி ஒண்ணுதானுங்களே?" என்றார் மூத்தவர்.

கம்பெனி ஒன்றுதான். ஆனால் பீட்டா கம்பெனியின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருப்பதில்லை, பணம் எந்தத் தொழிலில் இறங்குகிறதோ அதைப் பொறுத்தது. மொத்தச் சந்தை ஏறி இறங்கும்போது அந்தத் தொழிலின் வருமானம் எவ்வளவு ஆடும் என்பதுதான் பீட்டா சொல்லும் சேதி. காசு இறுகினால் மக்கள் முதலில் நிறுத்துவது சுற்றுலாவை, வேட்டி சேலை வாங்குவதை அல்ல. மில்லில் சம்பாதித்த பணமாகவே இருக்கட்டும், ரிசார்ட்டில் போட்ட பிறகு அது ரிசார்ட்டின் ரிஸ்க்கைத்தான் சுமக்கும். அதே ரிஸ்க் உள்ள ஹோட்டல் பங்குகளை வாங்கியிருந்தால் என்ன வருமானம் எதிர்பார்த்திருப்பீர்களோ, அதுதான் இந்தப் பணத்தின் செலவு. அப்பா காலத்து மில்லின் நல்ல பெயர் இந்தக் கணக்கில் எங்கேயும் வராது.

கணக்கு இதுதான்:

```
Re = Rf + β × (Rm − Rf)
```

Re என்பது ஈக்விட்டிக்கான செலவு. Rf என்ற பத்து வருட அரசுப் பத்திர வட்டி 7 சதவீதம், அதற்கு மேல் சந்தை தரும் கூடுதலான Rm − Rf 7 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மில்லின் பீட்டா 0.8. அதனால் 12.6. (அந்த 0.8-லும் எனக்குச் சந்தேகம் உண்டு. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கைமாறும் பங்கின் விலை, சந்தை நகரும் நாளில் அசையாமல் நிற்கும். தினசரி விலையை வைத்துக் கணக்கிட்டால் பீட்டா பொய்யாகக் குறைந்து தெரியும். வார அல்லது மாத விலையை எடுங்கள்.)

சரி, ரிசார்ட்டுக்கு என்ன செய்வது? சந்தையில் இருக்கும் ஹோட்டல் கம்பெனிகள் சிலவற்றின் பீட்டாவை எடுத்தோம். சராசரி 1.2. அதையும் அப்படியே ஒட்டிவிடக் கூடாது, ஏனென்றால் அதில் அவர்களுடைய கடனின் ஆட்டமும் கலந்திருக்கிறது. அவர்களுக்கு ஒரு ரூபாய் ஈக்விட்டிக்கு 25 காசுதான் கடன். நம் திட்டத்தில் பாதிக்குப் பாதி, அதாவது ஒரு ரூபாய்க்கு ஒரு ரூபாய். வரி 25 சதவீதம் என்று வைத்து முதலில் அவர்கள் கடனைக் கழிக்க வேண்டும், அப்புறம் நம் கடனை ஏற்ற வேண்டும்:

```
1.2 ÷ (1 + 0.75 × 0.25) = 1.01
1.01 × (1 + 0.75 × 1)   = 1.77
Re = 7 + 1.77 × 7       = 19.4%
```

பேங்க் கடன் 10 சதவீதம், வரி போக 7.5. பாதிக்குப் பாதி கலந்தால், வருங்கால வரவை இன்றைய மதிப்புக்கு மாற்றும் தள்ளுபடி விகிதம் இந்தத் திட்டத்துக்கு 13.45 சதவீதம். மில்லின் பீட்டாவில் அது 10.05-ஆக இருந்தது. ரிப்போர்ட்டில் வருடம் 3.1 கோடி வீதம் 12 வருடம் பணம் வருவதாகக் காட்டியிருந்தார்கள். 10.05-ல் போட்டால் நிகர இன்றைய மதிப்பு ஒரு கோடிக்குச் சற்று மேல் லாபம். 13.45-ல் இரண்டு கோடி நஷ்டம். கட்டடமும் அதேதான், அறை வாடகையும் அதேதான், மாறியது பீட்டா மட்டும்.

இதைச் சொன்னதும் இளையவர் எதிர்ப்பக்கம் போனார். மலைப்பாதையில் மண் சரிந்தால் புக்கிங் போகும், மே மாதக் கோடை விழா முடிந்தால் கூட்டம் குறையும், அதற்காக இன்னும் நான்கு சதவீதம் சேர்க்கலாமே என்றார். தயவுசெய்து வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவில் எங்கோ மண் சரிந்ததால் மும்பையில் பங்குச்சந்தை விழப்போவதில்லை. பல இடங்களில் பணம் போட்டவருக்கு இது கரைந்துபோகும் ரிஸ்க், அதனால் பீட்டாவில் இதற்கு இடமில்லை. அதை வரவில் காட்டுங்கள். ஆள் வராத மாதங்களுக்கு அறை நிரம்பும் விகிதத்தைக் குறையுங்கள், பாதை அடைபடும் நாட்களின் வருமானத்தைக் கழியுங்கள். இரண்டு இடத்திலும் சேர்த்தால் ஒரே பயத்துக்கு இரண்டு முறை விலை கொடுத்ததாகிவிடும்.

இதில் ஒரு வரம்பையும் சொல்லியாக வேண்டும். சொத்தைப் பலவாறு பிரித்து வைத்திருக்கும் முதலீட்டாளரை மனதில் வைத்துச் செய்த கணக்கு இது. குடும்பத்தின் மொத்தச் சொத்தும் ஒரு மில்லும் ஒரு ரிசார்ட்டும்தான் என்றால், கரைந்துபோகும் என்று நான் சொன்ன ரிஸ்க் உங்களுக்குக் கரையாது. அப்போது 19.4-ஐ குறைந்தபட்ச எதிர்பார்ப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட் கையில் வந்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். பீட்டா எந்தத் தொழிலுடையது? எந்தக் கடன் அளவில் எடுத்தது? நம் கடன் அளவுக்கு மாற்றியிருக்கிறார்களா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தக் குடும்பம் இப்போது அறைகளைக் குறைத்து புது எஸ்டிமேட் கேட்டிருக்கிறது.