பி2 என்று போட்டிருக்கிறதே, நல்லதா கெட்டதா? முன்னேற்ற அறிக்கையைப் படிப்பது எப்படி

பிள்ளையின் முதல் முன்னேற்ற அறிக்கை கைக்கு வந்ததும் மதிப்பெண்ணைத் தேடுவோம். அந்த இடத்தில் ஏ1, பி2, சி1 என்று எழுத்துகள் இருக்கும். முதலில் அறிக்கையின் அடியிலோ பின்பக்கத்திலோ உள்ள விளக்கக் கட்டத்தைப் பாருங்கள். எந்தக் குறியீடு எத்தனை மதிப்பெண்ணுக்கு என்பது அங்கே இருக்கும். இது பள்ளிக்குப் பள்ளி மாறும் என்பதால் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கிரேடோடு ஒப்பிட்டுப் பயனில்லை.

கிரேடு என்பது ஒரு எல்லை. 61 முதல் 70 வரை பி2, 71 முதல் 80 வரை பி1 என்று உங்கள் பள்ளி வைத்திருப்பதாகக் கொள்வோம். போன பருவத்தில் 71, இந்தப் பருவத்தில் 70 என்றால் பி1 பி2-ஆக இறங்கிவிடும், ஆனால் குறைந்தது ஒரே ஒரு மதிப்பெண்தான். 61-லிருந்து 70-க்கு ஏறிய பிள்ளைக்கோ அதே பி2 அப்படியே நிற்கும், ஏறியது வெளியே தெரியாது. ஆகவே கிரேடு இறங்கியதும் கோபப்படுவதற்கு முன் மதிப்பெண்ணைக் கேளுங்கள்.

அதைவிட முக்கியம், அந்த மதிப்பெண் எதிலிருந்து வந்தது என்பது. பல பள்ளிகளில் பருவம் முழுக்கச் செய்த வகுப்புவேலை, சிறு தேர்வு, செயல்திட்டம் எல்லாம் சேர்ந்து ஒரு பங்கு. பருவத் தேர்வு மறு பங்கு. 40-ம் 60-மாகப் பிரித்திருக்கும் ஒரு பள்ளியில் அறிவியலில் பி2 வாங்கிய இரண்டு பிள்ளைகளைப் பாருங்கள். ஒருத்திக்கு வகுப்புவேலையில் 40-க்கு 35, தேர்வில் 60-க்கு 28. இன்னொருவனுக்கு 22-ம் 41-ம். இருவருக்கும் மொத்தம் 63, ஒரே கிரேடு. ஆனால் அவள் தேர்வில் பாதிகூட எடுக்கவில்லை. நேரம் போதவில்லையா, படித்தது நினைவில் நிற்கவில்லையா என்று விசாரிக்க வேண்டும். (செயல்திட்டத்தை வீட்டில் அப்பாவே செய்து கொடுத்திருந்தாலும் இப்படித்தான் வரும்!) அவனுக்குப் பாடம் ஓரளவு பிடிபட்டிருக்கிறது, நோட்டு முடிக்கவில்லை, வேலையை ஒப்படைக்கவில்லை என்று தோன்றுகிறது. இவனை ட்யூஷனில் சேர்த்து என்ன ஆகப்போகிறது?

பிள்ளை தேர்வு எழுத வராத பாடத்தில் ‘ஏபி’ என்றிருக்கும். சில பள்ளிகள் அதைக் கணக்கிலிருந்து விட்டுவிடும், சில பூஜ்யமாகக் கூட்டிவிடும். மொத்தம் எத்தனைக்கு என்று பார்த்தால் தெரியும்: அந்தப் பாடத்தின் முழு மதிப்பெண்ணும் அதில் சேர்ந்திருந்தால் பூஜ்யமாகத்தான் எடுத்திருக்கிறார்கள்.

சின்ன வகுப்புகளில் எழுத்துக்குப் பதில் 1 முதல் 4 வரை எண்கள் வரலாம். 4-க்கு 3 என்றால் 75 சதவீதம் என்று கணக்குப் போடாதீர்கள். அவை படிநிலைகள். பெரும்பாலும் 3 என்பது ‘எதிர்பார்த்த அளவை எட்டிவிட்டது’, 2 என்பது ‘எட்டி வருகிறது’. ஆண்டு இறுதியில் எட்ட வேண்டிய அளவை வைத்து மதிப்பிடும் பள்ளியில் முதல் பருவத்தில் 2 வருவது இயல்பு. கடைசிப் பருவத்திலும் அதே 2 நின்றால்தான் பேச வேண்டிய விஷயம். எந்த அளவை வைத்து மதிப்பிட்டார்கள் என்பதை மட்டும் ஆசிரியரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இனி ஆசிரியர் குறிப்பு. நாற்பது பிள்ளைகளுக்கு எழுதுகிற ஆசிரியர், தயாராக உள்ள வாசகப் பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் போடுவது சாதாரணம். பாடத்தின் பெயரோ செய்யும் வேலையோ இல்லாமல் ‘நன்று, மேலும் முயற்சி தேவை’ என்றிருந்தால் அதில் தோண்ட ஒன்றுமில்லை. ‘கூட்டல், கழித்தல் சரியாகச் செய்கிறாள், வாக்கியக் கணக்குகளைத் துணையுடன் செய்கிறாள்’ என்பதோ உங்கள் பிள்ளையைப் பார்த்தே எழுதியது. அதில் ‘துணையுடன்’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். தனியாக விட்டால் இன்னும் வரவில்லை என்பதை ஆசிரியர் நாசூக்காகச் சொல்கிறார். ‘அவ்வப்போது’, ‘நினைவூட்டினால்’ என்பவையும் அப்படியே. ‘வகுப்பில் கலகலப்பாக இருக்கிறான்’ என்பதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்ளலாம். அடுத்த வரியிலேயே ‘கவனம் தேவை’ வந்தால், பேச்சு கொஞ்சம் அதிகம் என்று அர்த்தம்.

பெற்றோர் கூட்டத்தில் ‘எப்படிப் படிக்கிறான்?’ என்று கேட்டால் ‘பரவாயில்லை’ என்றுதான் பதில் வரும். அறிக்கையில் ஒரு வரியைக் காட்டி, “இதை எந்த வேலையைப் பார்த்து எழுதினீங்க மிஸ், அந்த நோட்டைக் காட்ட முடியுமா?” என்று கேளுங்கள். விடைத்தாளையும் வாங்கிப் பார்த்து, பக்கவாரியாகக் கூட்டி, அறிக்கையில் ஏறிய எண்ணோடு சரிபாருங்கள். கூட்டல் பிழையும் பதிவுப் பிழையும் வருவதுண்டு. கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால், அடுத்த பருவத்தில் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.